யாரும் சொல்லாத வெர்ஷன்

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் புது புரோகிராமுக்கு மாறப் பத்தே நிமிடம் பாக்கி. குளோரின் பம்ப்புக்குப் பழைய கணினி நிமிடத்துக்கு மூன்று ஸ்ட்ரோக் அடிக்க வேண்டும் என்றது. அந்தப் புரோகிராமைப் பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு மாற்றி எழுதியவளின் லேப்டாப் மூன்றரை என்றது.

"மூணுதாம்மா சரி. வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுது," என்றார் ஆபரேட்டர்.

 பழைய புரோகிராம் பைத்தானின் எந்த வெர்ஷன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் போய்க் கேட்பதா என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். பழைய புரோகிராமில் பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியைப் பார்த்ததும் மூன்றாம் வெர்ஷன் என்று முடிவு கட்டியிருந்தாள். இரண்டாம் வெர்ஷனும் அந்த அடைப்புக்குறியை ஏற்கும். ஆனால் 7-ஐ 2-ஆல் வகுத்தால் அது மூன்றரையில் அரையை விழுங்கிவிடும். அந்த அரை போய்விடக் கூடாதென்று இவள் ஜாவாவில் மெனக்கெட்டு 2-ஐ 2.0 என்று போட்டிருந்தாள்.

பழைய கணினியில் பார்த்தாள். பைத்தான் 2.7. புள்ளியையும் சைபரையும் அழித்து ஓட்டினாள். மூன்று. போன உயிர் திரும்பியது.

"அப்ப ஏத்திடலாமா?" ஆபரேட்டர் பென் டிரைவை நீட்டினார். "இங்க ஜாவா எட்டுதான் இருக்கு. நீங்க எதுல எழுதினீங்க?"

பதினேழில். அது எட்டில் ஓடாது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.