ஆறிப்போன பஃப்ஸ்

செஞ்சி கடைவீதியில் பேக்கரி ஜெயக்கொடி மைக்ரோவேவில் பஃப்ஸ் சூடாக்கினால், பக்கத்து ஜவுளிக்கடை மாடியில் பாலமுரளியின் ஆன்லைன் கேம் உறைந்துவிடும். வைஃபை அலைவரிசையிலேயே மைக்ரோவேவும் இரைகிறதாம். கேம் போட்டியின் அரையிறுதியில் தோற்றால் அணியில் இடமில்லை என்று அவன் புலம்ப, அப்பா ஆதிநாராயணனே போய்க் கெஞ்சினார். அன்று கடைவீதியே ஆறிய பஃப்ஸ் தின்றது.

அப்படியும் கேம் விட்டு விட்டு நின்றது.

"இன்னாம்மா, திரும்பவும் சூடாக்கறியா?" என்று கத்தினார் ஆதிநாராயணன்.

"பிளக்கையே புடுங்கி வச்சிருக்கேண்ணா!" என்றாள் ஜெயக்கொடி.

மகள் வித்யாஸ்ரீ தம்பி விளையாடும் லேப்டாப்பைப் பார்த்தாள். அது பேட்டரியில் ஓடியது. சார்ஜை மிச்சம் பிடிக்க வைஃபை அடிக்கடி தூங்கி விழித்தது.

"சார்ஜரை யாரு கழட்டுனது?"

"கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்றார் அப்பா.

அவள் சார்ஜரைச் செருகியதும் கேம் சீராக ஓடியது, பாலமுரளி ஜெயித்தான். ஆதிநாராயணன் பஃப்ஸ் வாங்கப் போனார். ஆறியதற்குத் தள்ளுபடி கேட்டார்.