பதினைந்து நிமிடக் கடிகாரம்

தலையில் ஷாம்பு நுரையோடு அக்கா குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். "டேய், இன்னும் ரெண்டு நிமிஷம்தான்டா இருக்கு! அதுக்குள்ள வாங்கலேன்னா மெத்தை விலை ஏறிடுமாம். என் கார்டை எடு!"

லேப்டாப்பில் அந்த மெத்தைக் கடையின் சிவப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைகளுக்கு இணையதளம் கட்டித்தருவதுதான் தம்பியின் பிழைப்பு. இந்தக் கடிகாரமும் அவன் வைத்ததுதான். "சும்மா ஒரு அவசரம் காட்டுப்பா" என்றார் கடைக்காரர்; இவனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் 'கையாளும் கட்டணம்'கூட இவன் கைவரிசைதான்.

அக்கா கார்டு எண்ணை அவசர அவசரமாகத் தட்டினாள். நுரை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

அதற்குமேல் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கையை நீட்டிப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தான்.

"அடப்பாவி! என்னடா பண்ணினே?"

கடிகாரம் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து சாவகாசமாக இறங்க ஆரம்பித்தது. விலை அப்படியேதான் இருந்தது.

அக்கா கடிகாரத்தையும் விலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இது உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

"நான்தான்க்கா செஞ்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "என்னை மாதிரி எத்தனை பேருடா இப்படி விழுந்தடிச்சு ஓடியிருப்பாங்க?"

அந்த எண்ணிக்கை அவனுக்குத் தெரியும். போன வாரம் ஆபீசில் அதைத் திரையில் போட்டுக் காட்டித்தான் அவனுக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.