ஐஸ் அரைக்கும் இடத்தில் ஒரு நிமிட அமைதி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஐஸ் தொழிற்சாலையில் வாயால் கதைப்பவர் எவருமில்லை. ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் கைதான் வாய். ஒரு விரல் காட்டினால் ஒரு கட்டி. கையை வாய்க்குக் கொண்டுபோனால் தேத்தண்ணி. இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தால் ஆபத்து, உடனே நிறுத்து. அந்தக் கடைசிச் சைகையை விளையாட்டுக்கும் யாரும் காட்டுவதில்லை.

மேல்தட்டில் நின்று ஐஸ் கட்டிகளை இயந்திரத்துக்குள் தள்ளுவது றுமைஸின் வேலை. இயந்திரம் ஓடும்போது அவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. கட்டி கோணலாக விழுந்தால் இயந்திரத்தின் பல் உடையும். கைப்பேசி நனையாமல் பக்கத்து அறை அலுமாரியில் இருக்கும். கட்டாரில் இருந்து தம்பி அனுப்பிய கைக்கடிகாரம் கைப்பேசிக்கு வரும் தகவல்களை மணிக்கட்டில் காட்டும். பதில் அனுப்ப ‘ஓம்’, ‘சரி’, ‘பிறகு கதைக்கிறன்’ என்று ஆயத்தமாக வைத்த வரிகள் இருந்தன. ஒரு தொடுகை போதும்.

அன்று காலை பத்து மணிக்கு, மகன் முனீபைப் பற்றி மனைவி ஸல்ஹாவிடமிருந்து தகவல் வந்தது. “முனீபுக்குக் காய்ச்சல் கூடிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தனான்” என்ற முதல் வரியை வாசித்தான். கீழே படகுகள் காத்து நின்றன. பல்லால் கையுறையைக் கழற்றி, மிச்சத்தை வாசிக்காமலே தள்ளிவிட்டு, பழக்கத்தில் ‘சரி’யைத் தொட்டான்.

கடிகாரம் மறுபடி அதிர்ந்தது.

“என்ன சரி? போன வருசம் எந்த மருந்து குடிச்சு இவனுக்கு உடம்பெல்லாம் தடிச்சது? நீங்கதானே கொண்டுபோனீங்க. பேர் தெரியாம ஊசி போட ஏலாதாம். டொக்டர் நிக்கிறார்.”

மருந்தின் பெயர் றுமைஸுக்கு மனப்பாடம். ஆனால் ஆயத்த வரிகளில் அது எங்கே இருக்கும்? சின்ன எழுத்துகளைத் தட்டப் பார்த்தான். ஈர விரலுக்குத் திரை பிடிகொடுக்கவில்லை. ஒலிவாங்கியைத் தொட்டு, மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னான். திரையில் ஒன்றுமே விழவில்லை. கத்தினான். தொடர்பில்லாத இரண்டு சொற்கள் வந்து நின்றன. கடிகாரத்துக்கு எது குரல், எது இரைச்சல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்; இயந்திரத்தின் இரைச்சலோ பேச்சின் மெல்லிய ஓசைகளை எல்லாம் மூடிவிட்டது. கத்தும்போது சொல்லின் வடிவமும் சிதைந்தது. அழைப்பு எடுத்தாலும் இதே கதைதான்.

கீழே, படகுக்காரன் றிஸ்கான் அண்ணாந்து சிரித்தான். கை வாய்க்குப் போவதைக் கண்டு, தேத்தண்ணி கேட்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினான்.

றுமைஸ் ஒரு கணம் தயங்கினான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தான்.

இயந்திரத்தின் மின் ஆளி அருகே நின்ற மூத்தவர் அருளம்பலத்தார் பாய்ந்து அதை அணைத்தார். இயந்திரம் முனகி ஓய்ந்தது. எல்லோரும் படியேறி ஓடிவந்தார்கள்.

“கை போயிட்டா?”

“எங்க, ரத்தம் எங்க மச்சான்?”

“கையில ஒண்டுமில்ல. புள்ள ஆஸ்பத்திரியில. மருந்துப் பேர் ஒண்டு அனுப்பவேணும்” என்றபடி றுமைஸ் கடிகாரத்திடம் சொன்னான். அது அவன் சொன்னதோடு, நடுவில் றிஸ்கான் “என்ன மருந்து?” என்று கேட்டதையும் சேர்த்து எழுதியது. யார் குரல் தன் எசமானின் குரல் என்று அதற்கு என்ன தெரியும்?

“வாயை மூடுங்கோடா எல்லாரும்!” என்றார் அருளம்பலத்தார். “றிஸ்கான், உன்ர எஞ்சினையும் நிப்பாட்டச் சொல்லு.”

படகின் எஞ்சினும் நின்றது. பத்துப் பதினைந்து பேர் மூச்சைப் பிடித்து நின்றார்கள். எழுதியதை அழித்துவிட்டு, றுமைஸ் சாதாரணக் குரலில் சொன்னான்: “அமொக்ஸிசிலின். அது குடுக்க வேணாம்.”

எழுத்துகள் பிழையில்லாமல் விழுந்தன. இருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

“அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்க. அந்தச் சைகையை நான் காட்டியிருக்கக் கூடாது.”

“கைக்கு நிப்பாட்டிறனாங்கள், பிள்ளைக்கு நிப்பாட்ட மாட்டமோ? விசர்க் கதை கதையாத தம்பி” என்றார் அருளம்பலத்தார்.

மீன் காத்திருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஆனாலும் பதில் வரும்வரை ஆளியை எவரும் தொடவில்லை. கேட்காமலே கொடுத்த அந்தச் சில நிமிடங்களைவிடப் பெரிய தர்மம் எது?

கடிகாரம் அதிர்ந்தது. றுமைஸ் உரக்க வாசித்தான்: “சொல்லிட்டன். வேற மருந்து ஏத்துறாங்க. நல்ல வேளை எண்டார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் றிஸ்கான். “முருகா” என்றார் அருளம்பலத்தார்.

றுமைஸ் எல்லோரையும் பார்த்து நெஞ்சில் கைவைத்தான். அது எந்தச் சைகைப் பட்டியலிலும் இல்லை; ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது.

றிஸ்கான் அவனிடமிருந்து கையுறைகளைப் பிடுங்கி மாட்டிக்கொண்டான்.

“என்ர படகுக்கு ஐஸை நானே தள்ளிக்கொள்ளுறன். நீ போய்ப் புள்ளையைப் பார் மச்சான்.”

றுமைஸ் படியிறங்கி வாசலைக் கடந்தபோது, பின்னால் இயந்திரம் மறுபடி இரையத் தொடங்கியது.