அடிப்பாலும் மேல்பாலும்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கொழுப்பு ஐந்தரைதான் வந்தது. கோதண்டராமன் கண்ணாடிக் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பார்த்தார். குழலின் கழுத்தில் மஞ்சளாக நின்ற கொழுப்பு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அசையாமல் இருந்தது.

"அஞ்சரை, பாயம்மா. இந்த வாரமும் லிட்டர் ஒண்ணு எழுபத்திமூணுதான்."

ஹபீபா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சித்திரை வெயில் ஏழு மணிக்கே கடல்மண்ணில் ஏறிவிட்டிருந்தது. மூன்று மணிக்கு எழுந்தவள். ஐந்து எருமைகளைக் கறந்து, பாலை வடிகட்டி, புதுப்பட்டினத்திலிருந்து கைவண்டியில் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தவள். சண்டை போட உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கவில்லை.

இந்தக் கணக்கை ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் லிட்டர் இரண்டு ரூபாய், கேள்வி கிடையாது. ஆனால் வேலைக்காக வெளியூர்களிலிருந்து டவுன்ஷிப்புக்குப் புதிதாகக் குடிவந்த வீடுகளில் முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பால் கெட்டி, ஒரு நாள் தண்ணி. ஒருத்தி தஞ்சாவூர்ப் பாலைச் சொல்வாள், இன்னொருத்தி ஈரோட்டுப் பாலைச் சொல்வாள். வேலை பார்க்கும் இடத்தில் ரசாயனக் கூடத்தில் இருந்த கோதண்டராமன்தான் வழி சொன்னார். இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு பால் கமிட்டி. ஞாயிறுதோறும் அவர் வீட்டு வராந்தாவில் பரிசோதனை. அதில் வருவதுதான் அந்த வாரத்து விலை.

"பாலுக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு பாயம்மா," என்று அன்றைக்கு அவர் பொறுமையாக விளக்கினார். "ஒண்ணு கொழுப்பு. வெண்ணெயா வர்றது அதுதான். இன்னொண்ணு மத்த சத்து, சர்க்கரை, புரதம், உப்பு எல்லாம் சேர்ந்தது. மீதி தண்ணி. தண்ணிக்கு எதுக்குக் காசு? நூத்துல கொழுப்பு ஒரு பங்கு இருந்தா லிட்டருக்குப் பதினஞ்சு காசு. மத்த சத்து ஒரு பங்குக்குப் பத்து காசு. உங்க எருமைப்பால் ஏழும் ஒன்பதும் இருக்கும். நூத்தி அஞ்சும் தொண்ணூறும். ஒண்ணு தொண்ணூத்தஞ்சு. உங்களுக்கும் நஷ்டமில்ல, எங்களுக்கும் சந்தேகமில்ல."

ஹபீபாவுக்கு அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் கலக்காதவளுக்குப் பரிசோதனை என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். முதல் மூன்று வாரமும் ஏழுக்குக் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் இறங்கியது.

"தண்ணி கலந்துட்டு நம்மகிட்டயே நிக்கிறா பாருங்க," என்றாள் வராந்தாவில் நின்ற சம்பூர்ணம். பி-வரிசை முதல் வீட்டுக்காரி. விடிந்ததும் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு வருகிறவள். சோதனைக்குப் பால் எடுப்பதும் அவள் பாத்திரத்திலிருந்துதான்.

"நான் தண்ணி ஊத்தலம்மா," என்றாள் ஹபீபா. "அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன்."

"தண்ணி இல்ல," என்று கோதண்டராமன் இழுத்தார். பக்கத்தில் உயரமான டம்ளரில் ஆறவைத்திருந்த பாலில் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் மிதந்துகொண்டிருந்தது. சூட்டோடு போட்டால் அது பொய் சொல்லும் என்று அவர் எப்போதும் ஆறவிட்டுத்தான் போடுவார். "தண்ணி கலந்தா கொழுப்பும் குறையும், மத்த சத்தும் குறையும். இதுல மத்த சத்து ஒன்பது புள்ளி ஒண்ணு நிக்குது. கொழுப்பு மட்டும்தான் காணோம்."

"அப்போ ஆடையை எடுத்துட்டு விக்கிறா," என்றாள் சம்பூர்ணம்.

கோதண்டராமன் மறுக்கவில்லை. அதுதான் ஹபீபாவைச் சுட்டது. கைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. தண்ணி கலந்தவள் என்றால் ஊரில் பாதிப் பேரை அப்படிச் சொல்கிறார்கள், போகட்டும் என்று விடலாம். ஆடை எடுத்தவள் என்பது வேறு. அதற்கு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். அவளுக்கு உட்காரவே நேரம் கிடையாது.

வீட்டில் அவள் புருஷன் மதார் சாகிப் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆடைய நான் எடுத்துக்கினு வர்றேனாம்."

"விட்டுட்டு டீக்கடைக்கே ஊத்திடலாம் வா. ஒண்ணரை ரூவா குடுப்பான், பேச்சு கிடையாது. இந்தப் பேஜாரு நமக்கு எதுக்கு?"

"ஒண்ணரைக்கு ஊத்துனா புண்ணாக்கு யாரு வாங்குறது?"

அவர் மறுபடி வைக்கோலை உதறினார். இருவருக்கும் அது பழகிய பேச்சுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. தினமும் கடைசியாக வந்து இரண்டு லிட்டர் வாங்கும் பார்வதம் அன்று வரவில்லை. டவுன்ஷிப்பில் வீடு கட்டும் இடத்தில் சித்தாளாக இருக்கிறவள். கமிட்டியில் அவள் இல்லை, ஆனாலும் கேனின் அடியில் மிஞ்சுவதை அதே விலைக்கு வாங்கிக்கொள்வாள். மிஞ்சிய பாலை ஹபீபா வீட்டுக்கே கொண்டுவந்து, அதில் டீ போட்டுப் புருஷனுக்குக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு மதார் சாகிப் டம்ளருக்குள் பார்த்தார். "இன்னாடி இது? எண்ணெ ஊத்துனியா? மேல மெதந்துகினு கீது."

ஹபீபா மிச்சப் பாலை வாங்கி விரலில் தொட்டுப் பார்த்தாள். பாலாக இல்லை, பசை மாதிரி விரலில் நின்றது. எழுந்துபோய்க் கேனைச் சாய்த்து உள்ளே கையை விட்டாள். அவள் கழுவக் கழுவ தினமும் கையில் வழுக்கிய அந்தப் பிசுபிசுப்பு சுவரைச் சுற்றி வளையமாக ஒட்டியிருந்தது.

கையைத் துடைக்காமலே கேனின் குழாயைப் பார்த்தாள்.

இந்தக் கேன் கமிட்டி வாங்கிக் கொடுத்தது. அடியில் குழாய் வைத்தது. அதற்கு முன் அவள் நீளக் கைப்பிடி அளவுக் கரண்டியை விட்டு மொண்டு ஊற்றுவாள். கையும் கரண்டியும் உள்ளே போவது சுத்தமில்லை, ஈ விழுகிறது என்று நாலாவது வாரம் குழாய்க் கேன் வந்தது. மூன்றரைக்குக் கறந்த பால் ஐந்து மணிக்கு டவுன்ஷிப் சிமெண்டு மேடையில் ஏறினால், ஏழு மணி வரைக்கும் அசையாமல் நிற்கும். கரண்டி உள்ளே போய்ப் போய் வந்த காலத்தில் பால் தானாகக் கலங்கிக்கொண்டிருந்தது. இப்போது கலக்குவாரில்லை. கொழுப்பு மேலே ஏறிவிடுகிறது. குழாய் அடியில். முதலில் வருகிறவளுக்கு மெலிந்த பால். கடைசியில் வருகிறவளுக்கு எல்லாம்.

அடுத்த ஞாயிறு வராந்தாவில் அவள் மூன்று சொம்பை வரிசையாக வைத்தாள்.

"சார், இது எப்பவும் போல மொதப் பால். இது கடைசிப் பால். இது வீட்டுலயே ஒரு கலக்கு கலக்கி எடுத்துகினு வந்தது. மூணையும் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார். மூன்று குழலிலும் அமிலம், அதன்மேல் மெள்ளப் பால், பிறகு சொட்டு மருந்து போல ஆல்கஹால். அடைத்துக் குலுக்கியதும் குழல்கள் சூடேறிப் பழுப்பாக மாறின. கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்து அவர் சுற்றச் சுற்ற, சம்பூர்ணமும் இன்னும் நாலைந்து பேரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள்.

முதல் பால் ஐந்தரை. கடைசிப் பால் பதினொன்று. கலக்கிய பால் சரியாக ஏழு.

கோதண்டராமன் குழல்களைக் கீழே வைத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. "நான்தான் பார்த்திருக்கணும்," என்றார் மெதுவாக. "மாதிரி எடுக்கறதுக்கு முன்னால கலக்கணும்னு முதல் பாடத்துலயே சொல்லுவாங்க. எனக்குத் தோணல. மன்னிச்சிடுங்க பாயம்மா."

"அப்போ இத்தனை நாளா எங்க வீட்டு ஆடையெல்லாம் யாரு குடிச்சா?" என்றாள் சம்பூர்ணம்.

எல்லாருக்கும் பதில் தெரிந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை.

அன்றே முடிவாயிற்று. அடியில் ஓட்டை போட்ட தட்டும் நீளக் கம்பியும் சேர்த்து ஒரு கலக்கியைக் கொல்லரிடம் சொல்லிச் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊற்றுவதற்கு முன் ஐந்து தடவை மேலும் கீழும் இழுக்க வேண்டும். விலை மறுபடி ஒன்று தொண்ணூற்றைந்து. இரண்டு மணி நேரம் அந்தக் கம்பியை இழுத்து ஹபீபாவின் வலது தோள் வீங்கிப்போனது ஒன்றுதான் புதுச் செலவு.

திங்கட்கிழமை பார்வதம் வாங்கிய பாலைத் தூக்கு மூடியில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தாள். மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கலக்கிட்டியா அக்கா?"

அந்தக் கேள்வியில் ஹபீபாவுக்கு விளங்கிவிட்டது. "உனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் கடைசில வர்றேன். மொதல்ல வந்தா அஞ்சு மணிக்கே வாங்கிக்கினு போய்டலாமே." பார்வதம் மறைக்கவில்லை. "ஒற குத்தி வெண்ணெ எடுத்து மோட்டார் மெக்கானிக் பொண்டாட்டிக்குக் குடுக்கறேன். மோர் கொத்தனாருங்களுக்கு. அதுல ஓடிகினு இருந்தது."

"என்னைத் திருடின்னு சொன்னாங்க பார்வதம். மூணு வாரம்."

"கேட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கலக்கிடுவே," என்றாள் பார்வதம்.

ஹபீபாவுக்குக் கோபம் வரும் என்று இருவருமே காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருக்க வேண்டும். சும்மா குழாயை மூடினாள்.

"என் எருமை கருப்பி கடைக்கறவைல கீது, வத்தப் போவுது. அதும் பால் கொஞ்சம்தான், ஆனா கெட்டி. சார் பார்த்து கொழுப்பு எட்டரை, மத்த சத்து ஒன்பது புள்ளி ரெண்டுன்னார். தனியாச் சொம்புல எடுத்தாரேன். கணக்குப்படி ரெண்டு இருபது ஆவுது. வேணுமா?"

பார்வதம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. "நாலு நாள் எடுத்துப் பாக்கறேன்."

நாலு நாள் எடுத்தாள். ஐந்தாம் நாள் வந்து, வெண்ணெய்க்குக் கட்டுப்படியாகவில்லை, மெக்கானிக் பொண்டாட்டி பழைய விலைக்குத்தான் கேட்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் வருத்தமோ வன்மமோ தெரியவில்லை. அதற்குப் பிறகு கொத்தனார்களுக்கு அவள் மோர் விற்கவில்லை. சித்தாள் வேலையோடு சரி. சில நாள் காலையில் தலையில் செங்கல் சட்டியோடு மேடையைக் கடந்து போகும்போது இருவரும் தலையை அசைத்துக்கொள்வார்கள்.

ஆடி மாதம் கருப்பி வற்றிவிட்டது. அதே வாரம் வேறொரு எருமை கன்று ஈன்றது. சீம்பால் நாள் கழிந்து அதன் பாலும் கேனில் கலந்தபோது பால் நிறையக் கிடைத்தது, கொழுப்பு ஆறரைக்கு இறங்கியது. புதுக்கறவைப் பால் அப்படித்தான், அதிகம் கறந்தால் மெலிசாகத்தான் இருக்கும். கோதண்டராமன் குழலை அவளிடமே நீட்டினார். படிக்கத் தெரியாதவளுக்கு அந்தக் கோடுகளை மட்டும் எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"ஆறு. மேல அரை," என்றாள் ஹபீபா.

"மத்த சத்து ஒன்பது. ஒண்ணு எண்பத்தேழரை வருது. சரியா பாயம்மா?"

"சரி சார்."

சம்பூர்ணம் பாத்திரத்தை நீட்டினாள். இப்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்வதில்லை; மன்னிப்பும் கேட்டதில்லை. ஹபீபா இடது கையால் கம்பியைப் பிடித்து, மேலும் கீழுமாக ஐந்து தடவை இழுத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.