குத்துகிற வாசகம்

எழுதுபொருள் கடை அண்ணனுடையது. வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸுக்கு வாசகம் எழுதுவது தங்கையின் வேலை. கார்ட்டூனும் வானவில்லும் போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டதெல்லாம் போன வருஷத்தோடு சரி. பிள்ளை ஆசைப்பட்டு என்ன, பணம் தருகிறவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். பெற்றவரிடம்தான் பேச வேண்டும் என்று அண்ணனோடு மல்லுக்கட்டினாள். பள்ளியில் கொடுத்த சாமான் பட்டியலைத் தந்தால் மொத்தமும் கட்டித் தருவோம் என்பதை அடியில் பொடி எழுத்தில் போட்டாள். மேலே கொட்டை எழுத்தில் இப்படி வைத்தாள்:

"மற்ற பிள்ளைகள் புதுப் பையோடு. உங்கள் பிள்ளை?"

குத்தத்தான் எழுதினாள். பைகள் பறந்தன.

நாலாம் நாள் ஒருவர் தன் மகளோடு வந்து நோட்டுக்குப் போடும் அட்டைத்தாள் மட்டும் கேட்டார். மகளுக்கு ஏழு வயதிருக்கும். தோளில் வெளுத்த பை. பிள்ளை வாசகத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்பன் வக்கில்லாதவன்னு ஊருக்கே சொல்றியா?"

அறைந்தார். பை வாரைப் பிடித்து இழுத்தார், அது பிய்ந்து வந்தது. அந்தப் பையாலேயே விளாசினார். பிள்ளையின் காதோரம் ரத்தம் வழிந்தது. பேனா ஸ்டாண்ட் சரிந்து நொறுங்கியது. அண்ணன் ஷட்டர் இழுக்கும் கம்பியோடு பாய்ந்தான். பிள்ளைக்காக என்று நினைத்துவிட வேண்டாம், ஸ்டாண்டுக்காக. முதல் அடி அந்த ஆளின் தோளில். அடுத்தது குறுக்கே விழுந்த தங்கையின் இடது முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதும் எல்லாரும் நின்றார்கள். அப்பன் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். பை தரையில் கிடந்தது.

தங்கை கட்டர் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"இந்த ஒத்த வரியிலதான் வியாபாரமே ஓடுது. எறக்கினா கையை ஒடிச்சிருவேன்," என்றான் அண்ணன்.

"அதான் ஒடிச்சிட்டியே."

முடியைப் பிடித்தான். உதடு கிழிய அறைந்தான். அவள் கயிற்றை அறுத்துக்கொண்டே இருந்தாள். ஃப்ளெக்ஸ் அவர்கள் இருவர் மேலும் விழுந்தது. அண்ணன் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள், ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதினாள்: "பழைய பையே போதுமா? கொண்டு வாருங்கள். வார் தைத்துத் தருகிறோம்." அதை மறுபடி வாசலில் கட்டவைத்தாள். பிறகு தரையில் கிடந்த அந்தப் பையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, கோணி ஊசியால் வாரைத் தைத்தாள்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பையைத் தேடி வந்தாள். அண்ணாந்து புது வாசகத்தைப் படித்தாள். பிள்ளை அண்ணாந்தே பார்க்கவில்லை.

தங்கை பையைத் தோளில் மாட்டிவிடக் கையைத் தூக்கினாள். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டது.

தங்கை தூக்கிய கையை இறக்கி, பையைப் பிள்ளையின் முன்னால் தரையில் வைத்தாள்.