முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே ஜூன்

முப்பதாவது தாளைத் திருத்தும்போது தபித்தாள் டீச்சருக்குக் கை மட்டுமல்ல, சிவப்பு மையும் களைத்துப்போயிருந்தது. ஓவேலி தேயிலை எஸ்டேட் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, ஆங்கிலப் பயிற்சித்தாள். கடிகாரப் படத்துக்குக் கீழே எல்லாரும் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். அது ஃபேக்டரி சங்கு ஊதும் நேரம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்த கேள்விதான் வில்லங்கம். உன் பிறந்தநாளை எழுத்தால் எழுது. முப்பது பேரும் 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஜூன்'!

காப்பியடித்ததல்ல. கொழுந்துக்கூடையோடு வந்த தாய்மார்கள், "பெருமழையில எங்க லயம் வீடெல்லாம் சரிஞ்ச வருசம் பொறந்ததுங்க" என்று சொன்னால் பழைய தலைமையாசிரியர் வேறென்ன செய்வார்? பள்ளி திறக்கும் நாளையே பிறந்தநாளாக்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டார்.

நாளை கல்வி அதிகாரி செல்லதுரை ஆய்வுக்கு வருகிறார். ஒரே விடையைப் பார்த்தால் மசினகுடிக்குத் தூக்கியடிக்கிற ஆள். அந்த மலைப்பாதையின் அத்தனை வளைவையும் தாங்க டீச்சரின் முழங்காலுக்குத் தெம்பில்லை.

காலண்டரைக் கிழித்தார். வரிசை எண்படி ஆளுக்கொரு தேதி தந்து, புதுத் தாளில் எழுதச் சொன்னார். மாதம் அவரவர் விருப்பம். செகண்ட், ட்வெல்ஃப்த், ட்வென்டி தேர்ட் என்று வகுப்பே பொங்கல் பானையாகப் பொங்கியது.

"டீச்சர், எனக்கு தர்ட்டியத் ஆஃப் பிப்ரவரி!" என்றாள் அங்கம்மா.

"பிப்ரவரிக்கு ஏதுடி முப்பது? நீ பிறக்கவே முடியாது, மாத்து."

மறுநாள் செல்லதுரை புதுத் தாள்களை ஒரு கையிலும் பதிவேட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், எது பொய்?"

இருபத்தெட்டு வருட வேலையின் அலுப்போடு டீச்சர் சொன்னார். "ரெண்டுமேதானுங்க சார். அது ஒரே தேதிப் பொய். இது பிள்ளைங்க எழுதக் கத்துக்கிட்ட பொய்."

அதிகாரி பதிவேட்டை மூடினார். குரல் தணிந்தது. "எனக்கும் ஜூன் ஒண்ணுதானுங்க. எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்க... ஏதாச்சும் தேதி மிச்சமிருக்குதா?"

"தர்ட்டி ஃபர்ஸ்ட் மட்டும் இருக்குதுங்க சார்."

"அப்ப ஜூன்லயே குடுங்க. பழகிப்போச்சு."

"ஜூனுக்கு முப்பதுதானுங்க சார்!" அங்கம்மா பாய்ந்தாள். "நீங்க பிறக்கவே முடியாது!"

வகுப்பு கூரைத் தகரம் அதிரச் சிரித்தது. செல்லதுரை மீதமிருந்த பயிற்சித்தாளை இழுத்து, 'தர்ட்டி ஃபர்ஸ்ட் ஆஃப் மே' என்று எழுதி நீட்டினார். டீச்சர் சரி என்று குறியிட்டார். அதிகாரியும் ஆய்வுக் குறிப்பேட்டில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மசினகுடி மாற்றல் தப்பியது. ஜீப் போனதும் டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பையன் மேசையருகே வந்து நின்றான்.

"டீச்சர், நாளைக்கு எனக்குப் பிறந்தநாளுங்க. எல்லாத்துக்கும் முட்டாய் உண்டுங்களா?"

இன்னும் இருபத்தொன்பது பிறந்தநாள் பாக்கி.