எண் எரியாத பக்கம்

கட்டடப் பொறியியல் துறையின் நடைக்கூடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு இடுப்பு உயரத்துக்கு மேல் உதிர்ந்திருக்கும். ஈரக்கசிவு என்றார்கள். உண்மையில் அது இறுதியாண்டு மாணவர்கள் முப்பது வருடமாக அந்தச் சுவரில் சாய்ந்து விட்ட பெருமூச்சு. அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அங்கே சாய்ந்திருந்தவள் முயல். எதற்கெடுத்தாலும் பதறுவாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர். பக்கத்தில் அவளுடைய ப்ராஜெக்ட் கூட்டாளி மூட்டை. அவன் முதுகுப் பையில் ஒருமுறை பூனை குட்டி போட்டுவிட்டு அடுத்த செமஸ்டர்தான் வெளியே வந்தது.

முயலின் கையில் இரண்டு ப்ராஜெக்ட் தலைப்பு ஃபார்ம்கள். இரண்டிலும் சிவப்பு மை.

முதல் ஃபார்மில் தலைப்பு, "நகரப் போக்குவரத்து". பக்கத்தில் கைடு மேடம் எழுதியிருந்தார்: "எந்த நகரம்? எந்தப் போக்குவரத்து? இதற்கு இரண்டு ஆயுள் வேண்டும்." இரண்டாவதில், "நவீனத் தொழில்நுட்பத்தால் பாதசாரிகளைப் பாதுகாக்க முடியுமா?" அதன் பக்கத்தில்: "முடியும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கேள்விக்குறி போட்டால் விளம்பரம் கேள்வியாகிவிடாது."

ஒரு குழுவுக்கு மூன்று ஃபார்ம்தான். மூன்றாவதில் அன்று ஐந்து மணிக்குள் மேடம் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பேட்ச். ஆறு மாதம் தள்ளிப்போனால் முயலுக்குக் கிடைத்திருந்த வேலை கைவிட்டுப் போகும். கம்பெனிக்காரர்கள் காத்திருப்பார்கள்தான், ஆனால் வேறொருவருக்காக.

"நடக்கிறவங்களப் பத்தி ஏதாவது பண்ணணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றாள் முயல். "அதுக்கு மேல யோசிச்சா பயமா இருக்கு."

"யோசிக்காமலும் பயந்துட்டுத்தானே இருக்கே."

அப்போது போன் அடித்தது. அக்கா. எதிர்ச்சாரி ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏய், என் ஆஸ்பத்திரி பீரோ சாவிய உன் பையிலயே தூக்கிட்டுப் போயிட்டியே! கொண்டாந்து குடு."

"அக்கா, என் வாழ்க்கையே தொங்கிட்டிருக்கு."

"அது தொங்கட்டும். எனக்கு மூணு மணிக்கு ட்யூட்டி, யூனிஃபார்ம் உள்ள இருக்கு."

கல்லூரி வாசலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு சிக்னல். அதில் நடப்பவர்களுக்கான சிவப்பு நீளமானது. மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்து நின்ற பேராசிரியர் ஒருவர் தாடியோடு எதிர்ப்பக்கம் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முயலும் மூட்டையும் போய் நின்றார்கள். சுற்றி நின்றவர்கள் பொறுக்கவில்லை. ஒருவர் ஓடினார், அவர் பின்னால் மூவர், அவர்கள் பின்னால் ஒரு சைக்கிள். ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. எதிர்ப்பக்கம் அக்காவும் இருபது பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள்.

பச்சை விழுந்து எதிர்ப்பக்கம் போனதும் முயல் கேட்டாள். "உங்க பக்கத்து ஆளுங்க மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கா நிக்கிறாங்க?"

"எங்களுக்கு எதிர்க்க உங்க காலேஜ் கம்பத்துல நம்பர் ஓடுது. எம்பது, எழுபத்தொம்பதுன்னு. எப்ப விடும்னு தெரியும், நிக்கிறோம். உங்களுக்கு எதிர்க்க இருக்கிற நம்பர் எட்டு மாசமா எரியல. நானும் நகராட்சிக்கு பதினாலு புகார் குடுத்துட்டேன்." சாவியைப் பிடுங்கிக்கொண்டு அக்கா போய்விட்டாள்.

முயல் இரண்டு கம்பங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒரே சாலை, ஒரே சிவப்பு. ஒரு பக்கம் எண் தெரிகிறது, மறுபக்கம் தெரியவில்லை.

"எண் தெரிஞ்சா ஜனங்க பச்சை வரைக்கும் நிப்பாங்களா? மூட்டை, இதுதான்டா!"

மூட்டை பையைக் கீழே வைத்தான். நிலம் லேசாக அதிர்ந்தது. "இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க நோயாளி, வயசானவங்க. அந்தப் பக்கம் நம்ம பசங்க. ஓடுறது எண் இல்லாததாலயா, ஓடுற வயசாலயான்னு மேடம் கேட்டா?"

கேட்பார். அதைத்தான் முதலில் கேட்பார். மணி மூன்றரை. நடைபாதையில் உட்கார்ந்து நோட்டில் எழுதி, அடித்து, எழுதி, அடித்தாள். தாள் ஓட்டையானது.

நான்கு மணிக்கு ஏணியோடு நகராட்சி லைன்மேன் வந்தார். ஆஸ்பத்திரிக் கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" முயல் கத்தினாள்.

"ஒரு நர்ஸம்மா பதினாலு புகார் குடுத்திருக்காங்கம்மா. உசிரெடுக்கிறாங்க."

"இப்பவே எரிஞ்சிடுமா?"

"போர்டு கருகிப்போச்சு. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும். என்னம்மா, கோவமா?"

இரண்டு பக்கமும் எரிந்துவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது; போச்சு, இருந்த ஒன்றும் போச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மெதுவாக எழுந்தாள். "மூட்டை, ரெண்டு வாரம் எண்ணுவோம். எரிஞ்சப்புறம் ரெண்டு வாரம் எண்ணுவோம். அதே காலேஜ் பக்கம், அதே மாதிரி ஆளுங்க, எண் மட்டும் புதுசு. ஆஸ்பத்திரிப் பக்கம் நிக்கிறவங்களுக்கு எதுவும் மாறாது. மழை, பண்டிகைன்னு வேற எதாவது காரணத்தால மாறினா அங்கயும் தெரிஞ்சிடும்."

மூட்டை வெகுநேரம் குறை தேடினான். கிடைக்கவில்லை. "நீ போ. நான் இங்கேயே நின்னு எண்ண முடியுதான்னு பாக்கிறேன்."

நான்கு நாற்பத்தைந்து. ஃபார்மை நிரப்பிக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள். சிவப்பு. எதிரே எண்பத்தெட்டு, எண்பத்தேழு... பல்லைக் கடித்தபடி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, பச்சை வரும்வரை நின்றாள்.

மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேல் பார்த்தார். அந்தப் பார்வையில் போன வருடம் ஒரு மாணவனின் ஃபார்ம் தானாகவே சுருண்டுகொண்டது.

"எதை எண்ணுவே?"

"சிவப்புல வந்து நின்னவங்கள்ல, பச்சைக்கு முன்னாடி ரோட்டுல கால் வச்சவங்க எத்தனை பேர்னு, மேடம்."

"எப்போ?"

"வேலை நாள்ல, நாலுலேர்ந்து ஆறு."

"வீடியோவா?"

"இல்ல மேடம், முகம் எதுவும் பதிவாகாது. கையாலதான். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி ஒத்துப் பாப்போம்."

"எண் எரிஞ்சும் ஜனங்க அதே மாதிரி ஓடினா?"

சுவர்க் கடிகாரம் நான்கு ஐம்பத்தெட்டு காட்டியது.

"எண்ணால பிரயோஜனம் இல்லன்னு எழுதுவோம் மேடம். அதுவும் விடைதான்."

மேடம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அவரிடம் நீலப் பேனா இருப்பதே துறையில் யாருக்கும் தெரியாது.

கையெழுத்தோடு படியிறங்கும்போது போன். அக்கா.

"நல்ல சேதிடி! புது போர்டுக்கு ரெண்டு வாரமாம்ல? பெரிய அதிகாரிகிட்டயே பேசிட்டேன். வேற சிக்னல்லேர்ந்து கழட்டி திங்கக்கிழமை காலையில மாட்டிடறாங்களாம்!"

"அக்கா..."

"நன்றியெல்லாம் எதுக்கு, விடு." வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை. நடுவில் சனி, ஞாயிறு கழிந்தால் வியாழன், வெள்ளி, இன்றைய மிச்சம் ஒரு மணி நேரம். முயல் ஓடினாள். கல்லூரி வாசலில் சிவப்பு. எதிர்க் கம்பத்தில் இருட்டுப் பெட்டி. அதன் கீழே நோட்டும் பேனாவுமாக மூட்டை. நின்றாள். பத்து நொடியா, நூறு நொடியா தெரியவில்லை. இன்னும் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், இறங்கி ஓடினாள்.

மூச்சிரைக்க எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் மூட்டை நோட்டில் ஒரு கோடு போட்டான்.

"என்னையுமா எண்ணுறே? அடிடா அதை!"

"சரி, ஆராய்ச்சி பண்றவங்களச் சேர்க்கக் கூடாது," என்று கோட்டை அடித்தான். "ஏன் இப்படி ஓடி வர்றே?"

"நோட்டப் பாருடா, பேசாம எண்ணு," என்றாள் முயல். "திங்கக்கிழமை வரைக்கும்தான்."